மலையில் நிலத்தடி நீர்க் குறைவு: மாணவர்கள் குறிப்புச்சட்டகம் தயாரிக்க ஒரு வழிகாட்டி

கல்லூரி முதலாண்டில் சுற்றுச்சூழல் பாடத்துக்காக "நிலத்தடி நீர்க் குறைவு: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இது எந்த ஊர்?" நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். எழுதியிருந்ததோ ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு, கடல்நீர் உட்புகுதல், ஆற்று மணல் கொள்ளை. எல்லாம் சமவெளியின் கதை. இரண்டாம் முறை அதே கட்டுரையில் ஆங்காங்கே "நீலகிரியில்" என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுத்தேன். அதுவும் திரும்பியது. மூன்றாம் முறை எழுதி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் கற்றதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் பெரும்பகுதி வேலை ஏழு வாரத்தில் முடிந்திருக்கும்.

நீலகிரியிலோ பழனி மலையிலோ படிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் கொடுப்பார்களே, முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் குறிப்புச்சட்டகம், அதைத்தான் தயாரிக்கப் போகிறோம். ஆனால் தலைப்புகளை முதலில் எழுதிவிட்டுப் பிறகு உள்ளே எதையாவது நிரப்புவது வேண்டாம். கையில் செய்தி சேரட்டும். தலைப்புகள் அதிலிருந்து தாமாக வரும்.

1. ஓர் ஊற்றைத் தேர்ந்தெடுங்கள்

சமவெளியில் நிலத்தடி நீர் குறைந்ததைக் கிணற்றை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். மலையில் அதைக் காட்டுவது ஊற்று. சரிவில் கசிந்து வரும் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடித்திருப்பார்கள், அல்லது சிறிய தொட்டி கட்டியிருப்பார்கள். அது நிலத்துக்குள் இருக்கும் நீர் வெளியே தலைகாட்டும் இடம். ஊற்று இளைத்தால் உள்ளே இருப்பும் இளைத்திருக்கிறது என்று பொருள்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மக்கள் இன்னும் பயன்படுத்துகிற ஊற்றாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று போதும். மாவட்டம் முழுவதையும் எழுத முயன்றால் மறுபடியும் பொதுப்படையான வாக்கியங்களில்தான் போய் விழுவீர்கள். நான் எடுத்துக்கொண்டது எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கும் ஊற்று. சுமார் அறுபது வீடுகள், இருநூற்று நாற்பது பேர் அதை நம்பியிருக்கிறார்கள்.

2. தண்ணீர் உள்ளே எப்படித் தங்குகிறது என்பதை ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள்

இந்தப் பத்தி சரியாக அமைந்துவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி. இதை நான் கடைசியில்தான் புரிந்துகொண்டேன்.

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. அதன் உடலுக்குள் தண்ணீர் நுழைய இடமில்லை. அதற்கு மேலே, காலங்காலமாக மழையிலும் வெயிலிலும் பாறை மக்கி உருவான செம்மண்ணும் நொறுங்கிய கல்லும் ஓர் அடுக்காகக் கிடக்கின்றன. மழைநீர் தங்குவது இந்த மக்கிய அடுக்கிலும், அதற்குக் கீழே பாறையில் ஓடும் வெடிப்புகளிலும்தான். சரிவில் எங்கே மக்கிய அடுக்கு மெலிந்து கெட்டிப் பாறை மேலே வருகிறதோ, அங்கே தண்ணீர் வெளியே கசிகிறது. அதுவே ஊற்று.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. மலையின் நிலத்தடிக் கலம் சிறியது, அதன் அடியோ சாய்ந்திருக்கிறது. யாருமே மோட்டார் வைத்து இறைக்காவிட்டாலும் தண்ணீர் கீழ்நோக்கி வடிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே இங்கே நிலத்தடி நீர் குறைய மூன்று வழிகள் உண்டு. உள்ளே நுழைவது குறையலாம், உள்ளே தங்கும் நேரம் குறையலாம், எடுப்பது கூடலாம். பாடநூல்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே விரிவாகச் சொல்கின்றன. உங்கள் சட்டகத்துக்கு இந்த மூன்று சொற்களே தூண்கள்: நுழைவது, தங்குவது, எடுப்பது.

3. வாளியும் கடிகாரமும் கொண்டு அளந்து வாருங்கள்

செலவு எதுவும் இல்லை. பத்து லிட்டர் கோடு போட்ட வாளி ஒன்றும், கைப்பேசியில் இருக்கும் நிறுத்தக் கடிகாரமும் போதும். குழாய் வாய்க்குக் கீழே வாளியை வைத்து, பத்து லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். காலையில் மக்கள் தண்ணீர் பிடிக்க வருவதற்கு முன்பே போய்விடுங்கள். தொட்டியில் தேங்கிய நீர் சேர்ந்து வந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். முதல் தடவை நான் செய்த தவறு அதுதான். தொட்டியின் வடிகுழாயில் வாளியை வைத்து அளந்துவிட்டேன், கிடைத்த எண்ணுக்கும் ஊற்றுக்கும் தொடர்பே இல்லை. பாறையிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழும் இடத்தில்தான் அளக்க வேண்டும்.

எங்கள் ஊற்றின் கணக்கை அப்படியே தருகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பரில் வாளி நிரம்ப 40 விநாடி ஆனது. நிமிடத்துக்கு 15 லிட்டர். ஒரு நாளில் 1,440 நிமிடம், ஆக 21,600 லிட்டர். ஏப்ரலில் அதே வாளிக்கு 160 விநாடி. நிமிடத்துக்கு 3.75 லிட்டர், நாளுக்கு 5,400 லிட்டர்.

இந்த எண்ணை மனிதரோடு இணைத்தால்தான் அதற்குப் பொருள் வரும். ஊரகக் குடிநீருக்கான ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வரையறுக்கிறது. 240 பேருக்கு 13,200 லிட்டர் வேண்டும். டிசம்பரில் தேவைக்கு மேல் வருகிறது. ஏப்ரலில் தேவையில் பாதிகூட வருவதில்லை. அந்த 5,400 லிட்டரிலும் இரவில் வருவதைப் பிடித்துவைக்கப் போதிய தொட்டி இல்லாததால் ஒரு பகுதி ஓடைக்குப் போய்விடுகிறது. கட்டுரையின் முன்னுரையை இந்த இரண்டு அளவுகளிலிருந்து தொடங்கினேன். பழம்பாடல் மேற்கோளோடு தொடங்கிய முதல் இரண்டு பிரதிகளை விட அது எவ்வளவோ நன்றாக நின்றது.

இங்கே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். டிசம்பரில் நிறைய, ஏப்ரலில் கொஞ்சம் என்பது மட்டுமே நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. எந்த ஊற்றும் கோடையில் இளைக்கும். குறைவு என்று சொல்ல வேண்டுமானால் இந்த ஆண்டு ஏப்ரலைப் பழைய ஏப்ரல்களோடு ஒப்பிட வேண்டும். பழைய அளவு யாரிடமும் எழுத்தில் இருக்காது. ஆனால் பெரியவர்கள் நினைவில் இருக்கும், அதை வாங்கும் விதமாகக் கேட்டால்.

"அப்போது தண்ணீர் நிறைய வந்ததா?" என்று கேட்டால் "நிறைய வந்தது" என்பார்கள். அதனால் பயனில்லை. நான் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "பாட்டி, நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில், சித்திரை மாதத்தில் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "குடத்தை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் சொருகி, தலையில் சும்மாட்டைச் சுற்றி வைப்பதற்குள் நிரம்பிவிடும், கண்ணு. இப்போது குடத்தை வைத்துவிட்டு ஓர் ஊர்க்கதையே பேசிவிடலாம்" என்றார். எங்கள் குடம் 15 லிட்டர். இந்த ஏப்ரலில் அது நிரம்ப நான்கு நிமிடம். பாட்டி சொன்ன வேலைகளை அவரையே செய்யச் சொல்லி நேரம் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இது துல்லியமான அளவு இல்லைதான். "ஒருவரின் நினைவின்படி" என்ற குறிப்போடு எழுதினால் நேர்மையான சான்று. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் ஒரே மாதிரி சொன்னால் வலு கூடும்.

அடுத்து, மழையே குறைந்ததால் ஊற்று இளைத்ததா என்ற கேள்வி வரும். ஆசிரியர் கட்டாயம் கேட்பார். அதற்கு விடை தேடும் வழி அடுத்த படியில் இருக்கிறது.

4. ஆவணங்கள், செலவு, காத்திருக்கும் நாள்கள்

முதலில் மழைக் கணக்கு. தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்துத் தினமும் மழையைக் குறித்து வருவது வழக்கம். பல தோட்டங்களில் பல பத்தாண்டுப் பதிவேடுகள் உண்டு. பள்ளி அல்லது கல்லூரியின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கடிதம் இல்லாமல் போனபோது எனக்கு வாசலிலேயே "இல்லை" என்ற பதில் கிடைத்தது. கடிதத்தோடு போனபோது உட்கார வைத்துப் பதிவேட்டைத் தந்தார்கள். தூரத்துத் தோட்டத்தின் கணக்கை எடுக்க வேண்டாம். நீலகிரியின் மேற்குப் பக்கமான கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குப் பக்கமான கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே பெரிய மழை. உதகையின் கணக்கை வைத்துக் கோத்தகிரி ஊற்றைப் பற்றி எழுதினால் தவறாகிவிடும்.

பதிவேட்டில் மொத்த மழையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை நாள் பெய்தது என்பதையும் எண்ணுங்கள். நான்கு நாளில் தூறலாக வரும் 100 மி.மீ. மண்ணுக்குள் இறங்கும். ஒரே பிற்பகலில் கொட்டும் 100 மி.மீ. சரிவில் ஓடிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது. அதில் மிகப் பெரும்பகுதி நிலத்துக்குள் போகவே வழியில்லை.

அடுத்து அரசின் நிலத்தடி நீர்க் கணக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. `indiawris.gov.in` தளத்தில் மாவட்ட வாரியாக இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த குறுவட்ட அளவில், ஒரு வட்டாரத்தில் எவ்வளவு நீர் ஊறுகிறது, எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு வகைப்படுத்துகிறார்கள். ஊறுவதில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 100 சதவீதத்தைத் தாண்டினால் மிகையாகச் சுரண்டப்பட்ட பகுதி. இடையில் இரண்டு வகைகள் உண்டு.

இந்த இடத்தில்தான் என் மூன்றாம் பிரதியும் கவிழப் பார்த்தது. அந்த வகைப்பாட்டை அப்படியே எங்கள் ஊற்றுக்குப் பொருத்தினேன். பிறகுதான் தெரிந்தது, 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப்பரப்பை, அதாவது நூறு மீட்டர் நடந்தால் இருபது மீட்டருக்கு மேல் ஏறும் இடங்களை, நீர் ஊறும் பரப்பிலிருந்து கழித்துவிட்டே அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் சரிவு முழுவதும் அப்படிப்பட்டதுதான். எனவே ஒரு மலைக் குறுவட்டம் "பாதுகாப்பானது" என்று பட்டியலில் இருந்தாலும், அதில் உள்ள ஊற்று வற்றாது என்று பொருளாகாது. இதை மூன்று வரியில் விளக்கி எழுதுங்கள். மலை மாணவரால் மட்டுமே எழுதக்கூடிய பத்தி இது.

மூன்றாவது, ஊராட்சி அல்லது பேரூராட்சியின் குடிநீர் விவரம். கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டார்கள், லாரி தண்ணீருக்கு எவ்வளவு செலவானது என்பவை அங்கே இருக்கும். நேரில் கேட்டுக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, ஆகவே முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். நான் கடைசியில் அனுப்பினேன். பதில் வந்தபோது கட்டுரையைக் கொடுக்கும் நாள் கடந்திருந்தது. "தண்ணீர்ப் பிரச்சினை பற்றிய விவரம்" என்று கேட்காதீர்கள். "சென்ற மூன்று ஆண்டுகளில் மார்ச் முதல் மே வரை இந்த வார்டுக்குத் தண்ணீர் விட்ட நாள்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

தபால், நகல், பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

5. காரணங்களை "நுழைவது, தங்குவது, எடுப்பது" என்ற வரிசையில் எழுதுங்கள்

ஊற்றின் தொட்டியிலிருந்து மேல்நோக்கி நடந்து, குன்றின் உச்சி வரை போய் வாருங்கள். மழை பெய்தால் இந்த ஊற்றின் பக்கம் வடியக்கூடிய பரப்பு எது என்று பாருங்கள். ஒரு தாளில் கையால் வரைபடம் போட்டு, எங்கே தேயிலை, எங்கே காய்கறி, எங்கே கட்டடம், எங்கே சாலை என்று குறியுங்கள். உங்கள் காரணங்கள் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். தாளில் இல்லாத காரணத்தைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

நுழைவது குறைவதற்கு எங்கள் சரிவில் கண்டவை, புதிய கட்டடங்களின் கூரைகளும், சிமெண்ட் போட்ட முற்றங்களும், காய்கறித் தோட்டங்களும். காய்கறித் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகளைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் போடுவதைப் பார்க்கலாம். மழைநீர் அந்தச் சால்களில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. இதை அறியாமை என்று எழுதிவிடாதீர்கள். பாத்தியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், அதனால்தான் வடிய விடுகிறார்கள். காரணத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயத்தை எழுதினால்தான் பிறகு தீர்வும் நியாயமாக வரும்.

தங்கும் நேரம் குறைவதைப் பலர் எழுதுவதே இல்லை. இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டிய இடம். வெட்டிய மண்சுவரில் மழைக்காலத்தில் தண்ணீர் ஒழுகினால், ஊற்றுக்குப் போக வேண்டிய நீரைத் தாங்கியிருந்த மக்கிய அடுக்கு அங்கே அறுபட்டிருக்கிறது. கோடை வரை மெல்ல வர வேண்டியது மழையோடு மழையாக வடிகாலில் போய்விடுகிறது. இரண்டு, பள்ளத்தாக்கின் அடியில் இருந்த சதுப்பு. சதுப்பில் கால்வாய் வெட்டி வடித்துக் காய்கறி போட்டிருப்பார்கள், அல்லது மண் கொட்டி நிரப்பிக் கட்டடம் எழுப்பியிருப்பார்கள். தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து விட்டுக்கொண்டிருந்த இடம் அது.

மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "மரங்களை வெட்டியதால் நிலத்தடி நீர் குறைந்தது" என்ற வாக்கியம் எல்லோர் கட்டுரையிலும் இருக்கிறது. நீலகிரியின் மேட்டுநிலத்தில் அது பல இடங்களில் தலைகீழ். இங்கே இயற்கை அமைப்பு புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும். புல்வெளிகளில் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரத்தையும் வாட்டில் என்னும் சீகை மரத்தையும் நட்டார்கள். கிளென்மார்கனில் உதகை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர், அருகருகே இருந்த இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளில் ஒன்றில் கற்பூர மரம் நட்டு, மற்றொன்றைப் புல்வெளியாகவே விட்டு, ஓடையில் வரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டைகள் மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். இதை எடுத்தாளும்போது "ஓடையின் நீர்வரத்து" என்றே எழுதுங்கள். "நிலத்தடி நீர்மட்டம் 16 சதவீதம் இறங்கியது" என்று எழுதினால் தவறு. அவர்கள் அளந்தது அதை அல்ல. உங்கள் ஊற்றுக்கு மேலே அந்த மரங்கள் இல்லை என்றால் இந்தப் பத்தியையே விட்டுவிடுங்கள்.

எடுப்பதைச் சுருக்கமாக எழுதலாம். பள்ளத்தில் தோண்டிய கிணறு, தெளிப்பு நீருக்கான மோட்டார், விடுதிகளுக்குப் போகும் லாரித் தண்ணீர். ஆழ்துளைக் கிணறு இருந்தால், அது ஊற்றுக்கு நீர் தரும் அதே பாறை வெடிப்பைத் தொட்டிருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லலாம். "தொட்டிருக்கிறது" என்று உறுதியாகச் சொல்ல, மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் ஊற்றை அளந்து வித்தியாசம் கண்டிருக்க வேண்டும்.

6. விளைவுகளில் உங்கள் ஊற்றின் தண்ணீர் போகும் வழியைப் பின்பற்றுங்கள்

விளைவுப் பகுதியில் மாணவர்கள் பெரும்பாலும் பட்டியல் போடுகிறார்கள். வேண்டாம். தண்ணீர் போகும் வழியே நீங்களும் போங்கள்.

முதலில் தொட்டியடி. 13,200 லிட்டர் வேண்டிய இடத்தில் 5,400 வரும்போது யார் காத்திருக்கிறார்கள்? எங்கள் லயத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்குக் குடத்தை வரிசையில் வைக்கிறார்கள். தாமதமானால் அன்று பெயர் போட முடியாது, அரை நாள் கூலி போகும். விளைவு என்றால் இதுதான், இதை எழுதுங்கள்.

அடுத்து தண்ணீரின் தரம். மேலே இருக்கும் வீடுகளின் கழிவுநீர்க் குழிகள் அதே மக்கிய அடுக்கில்தான் இருக்கின்றன. ஊற்று நன்றாக ஓடும்போது நீர்த்துப் போகும் அழுக்கு, ஊற்று இளைக்கும்போது அடர்கிறது. தண்ணீரைப் பரிசோதிக்காமல் "மாசடைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுக்கலாம். கட்டணத்தையும் எந்தப் பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஓடை. கோத்தகிரிப் பக்க ஓடைகள் இறங்கிப் பவானியில் சேர்கின்றன. மோயாறும் பவானிசாகரில் வந்து சேர்கிறது. மழை இல்லாத மாதங்களில் ஓடையில் ஓடுவது ஊற்றுகள் விட்ட தண்ணீர்தான். இங்கே ஊற்றுகள் இளைத்தால் கீழே ஈரோட்டுப் பக்கத்து வயலுக்கும் அதில் பங்கு உண்டு. பழனி மலை மாணவர்கள் தங்கள் ஓடை எந்த ஆற்றுக்கு, எந்த அணைக்குப் போகிறது என்று கேட்டு இதேபோல் எழுதலாம்.

கடல்நீர் உட்புகுதல், நிலம் அமிழ்தல் இரண்டையும் தொடவே வேண்டாம்.

7. தீர்வு ஒவ்வொன்றுக்கும் அதன் எல்லையையும் எழுதுங்கள்

சட்டம் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. "தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாட்டு மேலாண்மைச் சட்டம் 2003-ஐக் கடுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும்" என்று பழைய வழிகாட்டிகளில் இருக்கும். அந்தச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது. இல்லாத சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது? மலைப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவது பற்றிய இன்றைய விதியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, கேட்ட தேதியோடு எழுதுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் பெரியது. "எல்லா இடத்திலும் நீர் உறிஞ்சு குழிகள் தோண்ட வேண்டும்" என்பது சமவெளிக்கு நல்ல தீர்வு. செங்குத்தான சரிவில் அது ஆபத்து. மக்கிய அடுக்கு நீரால் கனத்து, அடியில் உள்ள கெட்டிப் பாறையின் மேல் வழுக்கினால் அதுதான் மண்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நடந்த சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பக்கத்திலும் அந்த நவம்பரை யாரும் மறக்கவில்லை. வீடுகளுக்கு மேலே இருக்கும் சரிவில் தண்ணீரை வலிந்து இறக்கச் சொல்லி ஒரு மாணவர் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. தண்ணீரை உள்ளே விடும் இடம் குன்றின் மேலுள்ள சமதளம், புல்வெளி, சதுப்பு. சரிவில் உள்ள வீட்டில் கூரை நீரைக் குழிக்குள் விடாமல் தொட்டியில் பிடிக்க வேண்டும்.

அந்தத் தொட்டிக்குக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 100 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர், சிதறுவதும் முதல் கழுவலும் போக 4,000 லிட்டர் கிடைக்கும். நால்வர் குடும்பத்துக்கு நாளுக்கு 220 லிட்டர், ஆக பதினெட்டு நாள். எல்லை என்ன? 4,000 லிட்டரையும் வைக்கத் தொட்டி வேண்டும், லயத்து வீட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே எங்கள் கட்டுரையில் நான் எழுதியது வேறு. இரவு ஊற்றுநீர் வீணாகாமல் இருக்க 3,000 லிட்டர்ப் பொதுத் தொட்டி ஒன்று. இரவு எட்டிலிருந்து காலை நான்கு வரை எட்டு மணி நேரத்தில் ஏப்ரல் ஊற்று தருவது 1,800 லிட்டர். தொட்டி அதைத் தாராளமாகத் தாங்கும். தொட்டியின் விலையைக் கோத்தகிரிக் கடைகள் இரண்டில் கேட்டு, குறைந்ததை எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விலை ஆண்டுக்காண்டு மாறும்.

காய்கறிப் பாத்திக்கு, கிழங்கு அழுகாமலும் நீர் ஓடிவிடாமலும் இருக்க, சரிவுக்குக் குறுக்கே சிறு சாய்வோடு பாத்தி போட்டு, ஓரத்தில் புல்வரப்பு விடலாம். இதை ஒரு விவசாயியிடம் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்து அண்ணன், "குறுக்கே போட்டால் பாத்தி குறைகிறது, குத்தகைப் பணம் குறையவில்லையே" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே சேர்த்தேன்.

புல்வெளியில் மரம் நடுவதைத் தீர்வாக எழுதாதீர்கள். ஏன் என்று ஐந்தாம் படியில் பார்த்தோம்.

8. இப்போது சட்டகம்

எல்லாம் கையில் சேர்ந்த பிறகு, நான் கொடுத்த சட்டகம் இதுதான். உங்கள் ஊற்றின் எண்களை இட்டுக்கொள்ளுங்கள்.

முன்னுரை: டிசம்பரில் 40 விநாடி, ஏப்ரலில் 160 விநாடி, அறுபது வீடுகள்.
மலையில் நீர் தங்கும் விதம்: மக்கிய அடுக்கு, வெடிப்பு, சாய்ந்த அடி, அரசு வகைப்பாடு ஏன் போதாது.
குறைவுக்கான சான்று: மூன்று பெரியவர்களின் நினைவு; தோட்ட மழைப் பதிவேடு.
காரணங்கள்: நுழைவது (கூரை, பாத்தி), தங்குவது (வெட்டிய சரிவு, சதுப்பு), எடுப்பது (மோட்டார், லாரி).
விளைவுகள்: தொட்டியடி, தரம், ஓடை.
தீர்வுகள்: இரவுத் தொட்டி, சதுப்பை விட்டுவைத்தல், குறுக்குப் பாத்தி, ஒவ்வொன்றின் செலவும் எல்லையும்.
முடிவுரை: எதை அளக்க முடியவில்லை, அடுத்த ஏப்ரலில் யார் அளப்பார்கள்.

ஆறு பக்கக் கட்டுரை என்றால் காரணங்களுக்கு இரண்டு பக்கம், தீர்வுகளுக்கு ஒன்றரை, மற்றவற்றுக்கு மீதி. தேர்வில் ஒரு பக்கம்தான் இடம் என்றால் முன்னுரையின் அளவுகளையும், மூன்று தூண்களையும், மண்சரிவு எச்சரிக்கையையும் மட்டும் வையுங்கள்.

9. நாள் கணக்கு

முதல் வாரம் ஊற்றைத் தேர்ந்தெடுத்து, கல்லூரிக் கடிதம் வாங்கி, தகவல் மனுவை அனுப்புங்கள். இரண்டாம் வாரம் அளவும் வரைபடமும். மூன்றாம் வாரம் பெரியவர்கள். நான்காம் வாரம் தோட்டப் பதிவேடு; மாதக் கடைசியில் போகாதீர்கள், சம்பளக் கணக்கு வேலையில் இருப்பார்கள். ஐந்தாம் வாரம் மனுவுக்குப் பதில் வரலாம். ஆறில் எழுதி, ஏழில் திருத்துங்கள்.

இரண்டு பருவ அளவு வேண்டும் என்பதால் வாளி அளவை மட்டும் டிசம்பரிலேயே எடுத்துவையுங்கள். கட்டுரைத் தலைப்பு ஜனவரியில்தான் கைக்கு வந்தால், அதற்குள் மழைக்கால அளவு கைநழுவியிருக்கும். அளந்த தேதி, நேரம், விநாடி மூன்றையும் தொட்டிச் சுவரில் கரியால் எழுதிவிட்டு வாருங்கள். நான் எழுதியதற்குக் கீழே இந்த டிசம்பரில் லயத்துப் பையன் ஒருவன் தன் அளவை எழுதியிருக்கிறான்: 44 விநாடி.